காலையில் போட்ட எலுமிச்சை சர்பத் மதியம் கசக்கிறது, சீனியும் அடியில் தங்குகிறது – என்ன செய்வது?

பாம்பன் டீக்கடை

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பாலம் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்களை நம்பித்தான் எங்கள் கடை. வெயில் காலத்தில் டீ ஓடாது, அதனால் வீட்டுக்காரர் எலுமிச்சை சர்பத் போடுகிறார். காலை ஒன்பது மணிக்கு முப்பது நாற்பது பழத்தைப் பிழிந்து, வாளியில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டியைப் போட்டு, சீனியும் ஒரு கை கல் உப்பும் சேர்த்துக் கலக்கி மூடி வைப்போம். பத்து மணிக்குக் குடித்தால் அருமையாக இருக்கிறது. ஒரு மணி, ஒன்றரை மணிக்கு வருகிறவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளிக்கிறார்கள். நானும் குடித்துப் பார்த்தேன், தொண்டையில் கசப்பு நிற்கிறது.

இன்னொரு தொல்லை: முதல் டம்ளர் புளிக்கும், கடைசி டம்ளர் பாகு மாதிரி இனிக்கும். வாளியைக் கவிழ்த்தால் அடியில் சீனி.

பழம் பிழிவது அலுமினியக் கட்டையில், இரண்டு கைப்பிடி உள்ளது. பிழிந்த தோலை வாசனைக்காக வீட்டுக்காரர் வாளியிலேயே கொஞ்சம் போட்டு வைப்பார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துபாய் ராம்நாடு

கசப்பு என்றாலே விதைதான் காரணம், வேறு எதுவும் இல்லை. விதையை எடுத்துவிட்டுப் பிழியுங்கள், பிரச்சினை முடிந்தது. அப்படியும் லேசாகக் கசந்தால் உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், கசப்பு காணாமல் போய்விடும். நான் இங்கே ரூமில் பத்து பேருக்குப் போடுகிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

சீனி கரையாததற்குக் காரணம் எலுமிச்சைச் சாறு. புளிப்பில் சீனி கரையாது. முதலில் வெறும் தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் சாறு ஊற்ற வேண்டும்.

பரமக்குடி பெரியம்மா

கசப்பு போக வேண்டுமென்றால் உப்பில் ஊற வைத்து, தினமும் குலுக்கி, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும் கண்ணு. அவசரப்பட்டுத் தாளித்தால் கசக்கத்தான் செய்யும். தோல் நிறம் மாறி மெத்தென்று ஆனபிறகுதான் மிளகாய்த்தூள் சேர்க்கணும்.

பாம்பன் டீக்கடை

பெரியம்மா, நான் கேட்டது ஊறுகாய் இல்லை, குடிக்கிற சர்பத். ஆனாலும் அதை எழுதி வைத்துக்கொண்டேன், போன வருஷம் போட்ட ஊறுகாயும் கசந்துதான் போச்சு.

கீழக்கரை சர்பத்

தங்கச்சி, உங்கள் வாளியில் இரண்டு வேறு கசப்பு கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் வழி கிடைக்கும்.

ஒன்று, பிழிந்த உடனேயே தெரிகிற கசப்பு. நாக்கு நுனியில் சுருக்கென்று பிடிக்கும், வாசனையும் காரமாக இருக்கும். அது தோலின் எண்ணெயிலிருந்தும் நசுங்கிய விதையிலிருந்தும் வருவது. டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மேலே மெல்லியதாக எண்ணெய்ப் பளபளப்பு ஓடினால் தோலை அளவுக்கு மேல் நசுக்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்று, பிழிந்தபோது இருக்காது. நேரம் ஆக ஆக வரும். குடித்து முடித்த பிறகு தொண்டைக்குப் பின்னால் போய் உட்காரும். உங்கள் கடையில் மதியம் வருவது இதுதான். தோலை வாளிக்குள்ளேயே ஊறப்போட்டால் சீக்கிரமே வரும். வாசனைக்காகப் போடுவது சரிதான், ஆனால் வாசனை கொடுப்பது மேல்தோல், கசப்பு கொடுப்பது அதற்குக் கீழே இருக்கும் வெள்ளைத் தோல். இரண்டும் சேர்ந்தேதானே வாளியில் விழுகிறது? வாசனை வேண்டுமென்றால் டம்ளரில் ஊற்றும்போது மேல்தோலில் ஒரு சின்னக் கீற்றை விளிம்பில் தேய்த்துக் கொடுங்கள், போதும்.

துபாய் தம்பி சொன்ன விதை விஷயம் பாதி சரி. முழு விதை சாறில் கிடந்தால் மெதுவாகத்தான் கசக்கும். கத்தியில் வெட்டுப்பட்ட விதையும் கட்டையில் நசுங்கிய விதையும்தான் உடனே வேலையைக் காட்டும். விதை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துப் பிழிந்த சாறும் மூன்று நாலு மணி நேரத்தில் கசந்ததை எங்கள் கடையில் பார்த்திருக்கிறேன். அதனால் விதை மட்டும்தான் காரணம் என்று முடிக்க முடியாது.

உப்பைக் கூட்டுவது பற்றி அப்புறம் எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்கள்.

தொண்டி கெமிஸ்ட்ரி

பாய் சொல்லும் இரண்டாவது கசப்புக்குக் காரணம் லிமோனின் என்ற பொருள். இதில் வேடிக்கை என்னவென்றால், முழுப் பழத்துக்குள் அது கசப்பாக இல்லை. கசக்காத வேறொரு வடிவத்தில் பழத்தின் சவ்விலும் வெள்ளைத் தோலிலும் இருக்கிறது. பழத்தை வெட்டிப் பிழிந்ததும் அது புளிப்புச் சாறோடு சேர்கிறது, அந்தப் புளிப்பு அதை மெதுவாக லிமோனினாக மாற்றுகிறது. அதனால்தான் காலையில் நன்றாக இருந்தது மதியம் கசக்கிறது. நீங்கள் சீனியைக் குறைத்தீர்களா கூட்டினீர்களா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சூடு பட்டால் இந்த மாற்றம் வேகமாகும். கொதிக்கிற பாகில் சாறை ஊற்றுகிறவர்களுக்குக் கசப்பு அன்றைக்கே தெரிவது இதனால்தான். பாம்பன் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் வாளியும் ஐஸ் கரைந்த பிறகு சூடாகத்தானே இருக்கும். குளிரில் மாற்றம் மெதுவாகும், நிற்காது.

சீனி புளிப்பில் கரையாது என்பது மட்டும் தவறு. எலுமிச்சைச் சாறில் பெரும்பங்கு தண்ணீர்தான். சாதாரண வெப்பத்தில் 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியை ஏற்கும். நீங்கள் போடுவது அதில் ஒரு சின்னப் பங்கு. அதனால் எந்த வரிசையில் போட்டாலும் ஒன்றுதான்.

கீழக்கரை சர்பத்

டீச்சர், கடைசி வரியில் மட்டும் நான் உங்களோடு சேர மாட்டேன். வரிசை முக்கியம். ஐஸ் போட்ட தண்ணீரில் சீனியைக் கொட்டிப் பாருங்கள். நேராக அடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் கலக்கினாலும் பருக்கை மிஞ்சும். அதே சீனியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு அப்புறம் ஐஸ் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. தண்ணீர் எவ்வளவு சீனியை ஏற்கும் என்பது ஒன்று, எவ்வளவு நேரத்தில் ஏற்கும் என்பது வேறு. கடையில் நமக்கு வேண்டியது நேரம்.

தொண்டி கெமிஸ்ட்ரி

ஒத்துக்கொள்கிறேன் பாய். வேகத்தைப் பார்த்தால் ஐஸுக்கு முன்னால் சீனி என்பதுதான் சரி. சாறுக்கு முன்னாலா பின்னாலா என்பதில்தான் வித்தியாசம் இல்லை என்கிறேன்.

துபாய் ராம்நாடு

அப்படியென்றால் நான் சொன்னதும் சரிதானே? முதலில் தண்ணீரில் கரை, அப்புறம் சாறு ஊற்று என்றுதானே சொன்னேன்.

தொண்டி கெமிஸ்ட்ரி

செய்முறை சரி, சொன்ன காரணம் சரியில்லை.

கீழக்கரை சர்பத்

இப்போது உப்பு. ஒரு துளி உப்பு நாக்குக்குக் கசப்பைக் குறைத்துக் காட்டும், இனிப்பையும் எடுத்துக் கொடுக்கும். இது உண்மை. ஆனால் கசப்பு எங்கேயும் போகாது, ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் சர்பத் போய்க் கஞ்சித் தண்ணீர் வந்துவிடும். ஐஸ் கரைந்து உப்பு நீர்த்ததும் ஒளிந்த கசப்பு வெளியே வரும்.

எங்கள் கடையில் எதையும் ஒன்றாகக் கலந்து வைப்பதில்லை தங்கச்சி. மூன்று பாத்திரம் தனித்தனியாக இருக்கும்: சீனிப் பாகு, உப்புத் தண்ணீர், சாறு. டம்ளரில்தான் சேரும். பாகும் உப்புத் தண்ணீரும் நாள் முழுக்க அசையாமல் இருக்கும். கசக்கக் கூடியது சாறு ஒன்றுதான், அதனால் அதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்துகொள்ளலாம்.

உங்கள் கடைக்கு ஐம்பது டம்ளர் என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். டம்ளர் 200 மில்லி.

சீனி ஒன்றேகால் கிலோ, தண்ணீர் முக்கால் லிட்டர். அடுப்பில் வைத்து சீனி கரையும் வரை கிண்டுங்கள், ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கம்பிப் பதத்துக்குப் போகவே கூடாது, போனால் ஆறியபிறகு ஓரத்தில் சீனி பூத்துக் கல் விழும். கரைந்துவிட்டதா என்று பார்க்கக் கரண்டியின் பின்பக்கத்தால் பாத்திரத்தின் அடியைத் தேயுங்கள், நறநறவென்று சத்தம் வந்தால் இன்னும் இருக்கிறது. மேலே அழுக்கு நுரை வந்தால் எடுத்துவிட்டு துணியில் வடிகட்டுங்கள். ஒன்றரை லிட்டர் பாகு கிடைக்கும். ஒரு டம்ளருக்கு 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அதில் 25 கிராம் சீனி இருக்கும்.

உப்பு 20 கிராம், கால் லிட்டர் வெந்நீரில் கரைத்துத் தெளிய விடுங்கள். மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஒரு பாட்டிலில் எடுங்கள். டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி. கல் உப்பை நேராக வாளியில் போடுவதால்தான் முதல் டம்ளரில் உப்பே இல்லாமலும் கடைசி டம்ளரில் கரிக்கவும் செய்கிறது.

சாறு டம்ளருக்கு 12 மில்லி. நடுத்தரப் பழம் ஒன்று பிழிந்தால் 15, 16 மில்லி வரும். பழம் காய்ந்திருந்தால் அதுவும் வராது. பத்துப் பன்னிரண்டு பழம் ஒரு தடவை, அது தீர்ந்ததும் அடுத்த பத்து. மிச்சத்துக்குத் தண்ணீரும் ஐஸும் சேர்ந்து 150 மில்லி.

பாகை ஊற்றிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் பாகு அடியிலேயே கிடக்கும். கண்ணாடி டம்ளரில் பார்த்தால் அடியில் ஏதோ நெளிவது தெரியும். அது கரையாத சீனி இல்லை, கலக்காத பாகு. கரண்டியை அடியில் விட்டு மேலே தூக்கித் தூக்கிக் கலக்க வேண்டும். வட்டமாகச் சுற்றினால் பாகும் சேர்ந்து சுற்றும், மேலே ஏறாது.

வாலிநோக்கம் உப்பு

உப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் பக்கம் அரசு உப்பு நிறுவனத்தின் பாத்திகளும் இருக்கின்றன, தனியார் பாத்திகளும் இருக்கின்றன. பாத்தியிலிருந்து புதிதாக அள்ளிய கல் உப்பு ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் மெக்னீசியம் உப்புகள் நிறைய. அதுவே தனியாக நாக்கில் பட்டால் வாய் கசக்கும். உப்பைக் குவித்து வைத்து நாளாகி, அந்த ஈரம் வடிந்தபிறகுதான் ருசி தெளியும்.

சோறு, குழம்பில் இது தெரியாது, மசாலா மூடிவிடும். வெறும் தண்ணீர், சீனி, எலுமிச்சை என்றால் தெரியும். உங்கள் கல் உப்பில் ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்து முடிந்ததும் கடைசியில் கசப்பு நின்றால் அந்த உப்பைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு சர்பத்துக்கு வேறு உப்பு வாங்குங்கள். பாக்கெட்டில் வரும் தூள் உப்பில் இந்தத் தொல்லை குறைவு.

பாம்பன் டீக்கடை

எல்லாருக்கும் நன்றி. தோலை வாளியில் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன், வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் சொன்னபடி உப்பை நாக்கில் வைத்தேன், கொஞ்சம் கசப்பதுபோல்தான் இருக்கிறது, உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

தண்ணீரில் கூட ஏதாவது இருக்குமோ? கடையில் பாதி நாள் போர் தண்ணீர்தான். காவிரித் தண்ணீர் குடத்தில் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றுவோம், இல்லாவிட்டால் இல்லை. எங்கள் போர் தண்ணீர் லேசாகச் சவர்ப்பு.

கீழக்கரை சர்பத்

போர் தண்ணீர் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சவர்த் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதில் மேற்கொண்டு நீங்கள் ஒரு கை கல் உப்பைப் போடுகிறீர்கள்.

ஒன்று செய்யுங்கள். மூன்று டம்ளர் எடுங்கள். முதலாவதில் போர் தண்ணீரும் சீனியும் உங்கள் உப்பும், எலுமிச்சை வேண்டாம். இரண்டாவதில் காவிரித் தண்ணீரும் அதே அளவு சீனியும் உப்பும், அதிலும் எலுமிச்சை வேண்டாம். மூன்றாவதில் காவிரித் தண்ணீர், சீனி, இப்போது பிழிந்த சாறு, உப்பு வேண்டாம். முதலாவது மட்டும் கசந்தால் தண்ணீர்தான். முதல் இரண்டும் கசந்தால் உப்பு. மூன்றாவது மட்டும் கசந்தால் பழமோ பிழிகிற முறையோ. மூன்றும் நன்றாக இருந்தால் உங்கள் கசப்பு முழுக்க நேரத்தால் வருவது, மூன்றாவது டம்ளரை மூடி வைத்து மதியம் மறுபடி குடித்துப் பாருங்கள்.

சாயல்குடி கருப்பட்டி

நடுவில் ஒரு கேள்வி. எங்கள் அம்மாவுக்கு சர்க்கரை வியாதி. சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டு எலுமிச்சை சர்பத் கொடுக்கலாமா? ஊரில் கிடைக்கிற சுத்தமான கருப்பட்டி. ஒரு தடவை போட்டுப் பார்த்தோம், புளிப்பே ஏறவில்லை, அடியில் மண்ணும் வெள்ளையாக ஏதோவும் தங்கியது.

தொண்டி கெமிஸ்ட்ரி

கருப்பட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சீனிதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அம்மாவுக்குக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புளிப்பு ஏறாததற்குக் காரணம் இருக்கலாம். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள் அல்லவா? அதில் மிஞ்சிய சுண்ணாம்பு எலுமிச்சையின் புளிப்பில் கொஞ்சத்தை மட்டுப்படுத்தும். அடியில் தங்கிய வெள்ளையும் அதுவாக இருக்கலாம்.

கீழக்கரை சர்பத்

கருப்பட்டியைத் தட்டி வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, அசைக்காமல் வைத்துத் தெளிவை மட்டும் சாய்த்து வடிகட்ட வேண்டும். பச்சைத் தண்ணீரில் கரைக்கப் பார்த்தால் சாயங்காலம் ஆகிவிடும். மண் கருப்பட்டியோடு வருவதுதான். என்னைக் கேட்டால் கருப்பட்டிக்கும் எலுமிச்சைக்கும் அவ்வளவு ஒட்டாது, அதில் சுக்கு போட்டுக் குடிப்பதுதான் முறை. இது என் நாக்கு.

துபாய் ராம்நாடு

பாய், எங்கள் ரூமில் ஒருவர் சாறைப் பிழிந்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார். வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்து டம்ளரில் போட்டுக் கலக்கினால் ஆயிற்று. கசப்பதே இல்லை. பாம்பன் அக்காவும் அப்படிச் செய்யலாமே, எதற்கு ஒவ்வொரு மணிக்கும் பிழிய வேண்டும்?

கீழக்கரை சர்பத்

செய்யலாம் தம்பி, ஆனால் கடைக்கு நான் செய்ய மாட்டேன். உறைந்த சாறில் அந்தப் புது வாசனை இருக்காது. எலுமிச்சையில் பாதி வேலை வாசனைதான்.

தொண்டி கெமிஸ்ட்ரி

வடிகட்டாத சாறை உறைய வைத்தால் கசப்பு வருவதையும் பார்த்திருக்கிறேன். கூழையும் சவ்வையும் அப்படியே விட்டு வைத்தால் அவற்றிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பிழிந்த உடனே வடிகட்டியில் ஊற்றி, சக்கையைக் கரண்டியால் அழுத்தாமல், தானாக இறங்குவதை மட்டும் எடுத்து உறைய வைத்தால் நன்றாக இருக்கிறது. சக்கையை அழுத்தி அந்தக் கடைசிச் சொட்டை எடுக்கப் போனால் அதோடு கசப்பும் சேர்ந்து வரும்.

கீழக்கரை லாத்தா

நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்கு எங்கள் தெருவிலிருந்து சர்பத் போகும். அஸர் தொழுகை முடிந்துதான் பழம் பிழிவோம், நோன்பு திறக்கிற நேரத்துக்குள் தீர்ந்துவிடும், அதனால் கசந்ததே இல்லை. பாகு மட்டும் முதல் நாளே காய்ச்சி வைத்துவிடுவோம். பாய் சொல்வது எங்கள் வழக்கம்தான்.

பழத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கரும்பச்சையாக, கல்லு மாதிரி இருக்கும் பழத்தில் சாறும் குறைவு, கசப்பும் கூட. தோல் மெலிந்து, மஞ்சள் ஏறி, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் பழத்தைத்தான் நாங்கள் வாங்குவோம். பிழிவதற்கு முன்னால் அம்மியிலோ தரையிலோ உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவோம். அப்புறம் குறுக்கே வெட்டி, கத்தி முனையால் விதையைத் தள்ளிவிட்டு, கையாலேயே பிழிவோம்.

பாம்பன் டீக்கடை

லாத்தா, கையால் பிழிந்தால் கட்டையை விடச் சாறு குறையாதா? பழம் விற்கிற விலையில் வீட்டுக்காரர் ஒரு சொட்டையும் விட மாட்டார்.

கீழக்கரை லாத்தா

கொஞ்சம் குறையும். ஆனால் அந்தக் கடைசிச் சொட்டில்தானே கசப்பு இருக்கிறது.

கீழக்கரை சர்பத்

கட்டையை விட வேண்டியதில்லை. வெட்டின பக்கம் ஓட்டையைப் பார்த்து இருக்கிற மாதிரி வைத்து, ஒரே தடவை அழுத்திச் சாறு கம்பியாக வருவது நின்றதும் விட்டுவிடுங்கள். தோலைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை அழுத்துகிற பழக்கம் பல கடைகளில் உண்டு, எண்ணெய் பீறிட்டு வருவது அதில்தான். பிழிந்த உடனே உங்கள் விரலை முகர்ந்து பாருங்கள், எண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தால் அழுத்தம் அதிகம். அலுமினியக் கட்டையின் பூச்சு உரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், புளிப்பு பட்டுப் பட்டு ஒரு உலோக ருசியும் வரும். சாறை வைக்கிற பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ போதும்.

பாம்பன் டீக்கடை

மூன்று டம்ளர் சோதனை செய்தேன். போர் தண்ணீர் டம்ளர் எலுமிச்சை இல்லாமலேயே கடைசியில் கசந்தது. காவிரித் தண்ணீர் டம்ளர் கசக்கவில்லை, அதே உப்புத்தான். அதனால் உப்பு அண்ணன் சொன்னது எங்கள் உப்புக்குப் பொருந்தவில்லை போல. எலுமிச்சை டம்ளர் பிழிந்தபோது நன்றாக இருந்தது. மூடி வைத்து மதியம் குடித்தேன், கசப்பு வந்துவிட்டது, ஆனால் முன்பு வாளியில் இருந்த அளவுக்கு இல்லை.

இப்போது பாகும் உப்புத் தண்ணீரும் தனித்தனி பாட்டிலில். காவிரித் தண்ணீர் குடத்தைச் சர்பத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். கூட்டம் இல்லாத நேரத்தில் பத்து பழம் பிழிந்து வைக்கிறேன். அடியில் சீனி தங்குவது அடியோடு நின்றுவிட்டது, எல்லா டம்ளரும் ஒரே மாதிரி இருக்கிறது.

ஆனால் டூரிஸ்ட் பஸ் ஒன்று வந்து நின்றால் நாற்பது பேர் ஒரே சமயத்தில் கேட்கிறார்கள். டம்ளர் டம்ளராகக் கலக்கினால் பாதிப் பேர் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். வீட்டுக்காரர் பழைய வாளியே தேவலாம் என்கிறார்.

கீழக்கரை சர்பத்

வாளியே பயன்படுத்துங்கள், சாறு இல்லாமல். பத்து டம்ளருக்கு 300 மில்லி பாகு, 50 மில்லி உப்புத் தண்ணீர், மீதிக்குத் தண்ணீரும் ஐஸும் ஒன்றரை லிட்டர். இந்த வாளி கசக்காது, எத்தனை மணி நேரமும் நிற்கும். பஸ் வந்ததும் டம்ளரில் சாறு ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, மேலே வாளித் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுங்கள். ஊற்றுகிற வேகத்திலேயே கலந்துவிடும், கரண்டியே வேண்டாம். பாகு ஏற்கெனவே தண்ணீரில் கலந்திருப்பதால் அடியில் தங்காது.

ஐஸை மட்டும் முன்கூட்டிப் போட்டு வைக்காதீர்கள். கரைந்தால் இனிப்பு நீர்த்துப்போகும். அதைப் பார்த்து வீட்டுக்காரர் சீனியைக் கையால் அள்ளிப் போடுவார், மறுபடி அடியில் சீனி.

துபாய் ராம்நாடு

உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை வருமே பாய்?

கீழக்கரை சர்பத்

வரட்டும் தம்பி, நுரைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள்.

வாலிநோக்கம் உப்பு

பாம்பன் தங்கச்சி, அந்தக் கல் உப்பு எந்த மூட்டையிலிருந்து எடுத்தது? மேல் பக்கம் காய்ந்ததை எடுத்திருந்தால் கசக்காது, மூட்டையின் அடியில் ஈரமாக இருப்பதை ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.